வரிக்கேடயமா, வரிமிச்சமா?

செல்வி:
எந்திரத்தை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று பார்க்கும் கணக்கில், தேய்மானத்தால் குறைகிற வரியை ‘வரிக்கேடயம்’ என்று எழுதி வருகிறோம். மாணவர்கள் அதைத் தொகையாகவே நினைப்பதில்லை. ‘வரிமிச்சம்’ என்று வைக்கலாமா? 10 லட்ச ரூபாய் எந்திரம். இந்திய வருமான வரியில் பொதுவான எந்திரங்களுக்கு ஆண்டுத் தேய்மானம் 15 விழுக்காடு, குறைந்துவரும் மதிப்பில். முதலாண்டில் 1,50,000. வரி 25 விழுக்காடு என்றால் கையில் நிற்பது 37,500. இந்த 37,500-க்குத்தான் பெயர் கேட்கிறேன்.

அன்வர்:
லீசுக்கு நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே, ஒத்தி! நாங்கள் வீட்டை அப்படித்தான் எடுத்திருக்கிறோம். 5 லட்சம் கொடுத்தோம், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்பிவிடும். இதில் தேய்மானம் எங்கே வருகிறது?

இராமநாதன்:
அன்வர் தம்பி, அது வேறு ஏற்பாடு. இங்கே கட்டிய வாடகை திரும்பாது. அந்த வாடகை முழுவதும் செலவாகக் கழிவதால் அதிலும் வரி குறைகிறது. ஆகவே செல்வி சொல்லும் ‘வரிமிச்சம்’ இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். எனக்குச் சம்மதம்.

மீனாட்சி:
அப்படியானால் கடன் வாங்கி எந்திரம் வாங்குபவருக்கு வட்டியிலும் வரிமிச்சம் உண்டு. வட்டியையும் அதன் மிச்சத்தையும் வாங்கும் பக்கத்தில் சேர்க்க வேண்டாமா?

இராமநாதன்:
வட்டியில் மிச்சம் உண்டு என்பது சரிதான் அம்மா. ஆனால் அது கழிவு வீதத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. கடன் வட்டி 12 விழுக்காடு என்றால் வரி போக 9. அந்த 9-ஐ வைத்துத்தான் எல்லாத் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம். வட்டியைத் தனியாகவும் சேர்த்தால் இருமுறை எண்ணியதாகும்.

செல்வியின் எந்திரத்தையே பாருங்கள். 5 ஆண்டு வாடகை, ஆண்டு முடிவில் 2,50,000 வீதம். வரி போக 1,87,500. இன்றைய மதிப்பு 7.29 லட்சம். வாங்கினால் 10 லட்சத்திலிருந்து தேய்மான வரிமிச்சத்தையும், 5 ஆண்டு முடிந்ததும் விற்றுக் கிடைக்கும் 3 லட்சத்தையும் இன்றைய மதிப்பில் கழிக்க வேண்டும். நிறுவனத்தில் வேறு எந்திரங்களும் இருப்பதால் விற்றபின் மிஞ்சும் மதிப்புக்கும் தேய்மானம் தொடரும். நிகரச் செலவு 6.79 லட்சம். வாங்குவதே மேல், 50,000 மிச்சம்.

வரி போகாத 12-ஐப் போட்டுப் பாருங்கள். வாடகை 6.76, வாங்கினால் 7.15. முடிவே தலைகீழாகிறது! வரி கழித்த தொகைகளுக்கு வரி கழித்த வீதம்தான் வேண்டும். அதனால் ‘வரிபோக வீதம்’ என்றும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ‘வரிக்குப் பிந்தைய’ என்றால் வரி கட்டும் தேதியைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது.

மீனாட்சி:
வட்டி விஷயம் புரிந்தது. ஆனால் நட்டத்தில் ஓடும் ஆலைக்கு? தேய்மானத்தைக் கழிக்க லாபமே இல்லை, பின்வரும் ஆண்டுகளுக்குத்தான் தள்ளிவைக்க முடியும். மிச்சமாகாததை ‘மிச்சம்’ என்பதா?

செல்வி:
அந்த ஆண்டுக் கட்டத்தில் சுழி போட்டு, லாபம் வரும் ஆண்டில் எழுதலாம். அதுவரை அதை ‘நிலுவை வரிமிச்சம்’ எனலாமா? ‘நிலுவை’ என்றால் நாம் கட்டவேண்டிய பாக்கி என்று படித்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.