எதிர்காற்றில் பாய்ப்படகு: ‘டாக்கிங்’குக்கு ஒரு சொல்லா, இரண்டா?

அருள்:
அனைவருக்கும் வணக்கம். பாய்ப்படகு ஓட்டப் பழகும் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். டாக்கிங் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும், ஆனால் நேராகப் போக முடியாது. அதனால் படகு கொஞ்ச தூரம் வலப்பக்கம் சாய்வாகப் போய், திரும்பி, இடப்பக்கம் சாய்வாகப் போகிறது. இப்போதைக்கு ‘எதிர்காற்றோட்டம்’ என்று போட்டிருக்கிறேன். காற்றே எதிர்த்து ஓடுவது போலத் தொனிப்பதால் நெருடுகிறது. வேறு சொல் உண்டா?

கதிரவன்:
‘மடக்கோட்டம்’ என்று வைக்கலாம். மலைச்சாலையில் கொண்டையூசி வளைவுகள் எப்படியோ அப்படித்தான் இது. செங்குத்தாக ஏற முடியாததால் மடங்கி மடங்கி ஏறுகிறோம். காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் ஒரு பங்கு முன்னோக்கி அமைகிறது, அவ்வளவே. நம்மவர்க்கு இது புதிதும் அல்ல. “வளிதொழில் ஆண்ட உரவோன்” என்று புறநானூறு கரிகாலனின் முன்னோனைப் பாடுகிறதே. எதிர்க்காற்றில் நாவாய் ஓட்டியதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

மீனாட்சி:
ஐயா, அந்த வரி காற்றை வேலை வாங்கியவன் என்றுதான் சொல்கிறது. எதிர்க்காற்றில் ஓட்டினான் என்று அதில் இல்லை. பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்து, பின்காற்றில் கடல் கடப்பதும் காற்றை வேலை வாங்குவதுதான்.

‘தள்ளுகிறது’ என்பது பின்காற்றில் போகும்போது சரி. எதிர்ப்பக்கமாகப் போகையில் பாயைப் படகின் நடுக்கோட்டை ஒட்டி இழுத்துக் கட்டியிருப்போம். காற்று அதில் முட்டி நிற்பதில்லை. பாயின் இரு முகங்களிலும் வழுக்கிப் போகிறது. வளைந்த பாய் அந்தக் காற்றை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது, அதற்கு ஈடாகப் பாய் மறுபக்கம் இழுபடுகிறது. விமானச் சிறகுக்கு நடப்பதும் இதுவே. அந்த இழுவையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் சாய்க்கத்தான் போகிறது. சின்னப் பங்கு மட்டுமே முன்னோக்கி.

பக்கவாட்டு விசையைத் தாங்குவது தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகை. அதைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், படகு நண்டு போலப் பக்கவாட்டில் நழுவும். பலகை இருந்தாலும் சில பாகை நழுவல் இருக்கவே செய்யும். அந்தச் சிறு நழுவலால்தான் தண்ணீர் பலகையைச் சாய்வாகத் தாக்கி எதிர்விசை தருகிறது.

இனி, ஏன் நேராகப் போக முடியாது? முகப்பைக் காற்றுப் பக்கம் திருப்பத் திருப்ப முன்னோக்கிய பங்கு சுருங்கிக்கொண்டே வரும். ஓர் எல்லையில் தண்ணீரின் தடையும் காற்றின் தடையும் அதை விழுங்கிவிடும். அதற்கும் மேலே திருப்பினால் பாயில் வளைவே நிற்காது, கொடி போலப் படபடக்கும். கொடிக்கு ஒரே விசைதான் உண்டு, பின்னோக்கி. படகு நின்று, பிறகு பின்னால் போகும், சுக்கானும் தலைகீழாக வேலை செய்யும். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாயை ஒரு பக்கமாகக் கையால் வெளியே தள்ளிப் பிடித்தால் முகப்பு காற்றிலிருந்து விலகி விழும், வெளியே வந்துவிடலாம்.

இந்தத் தடைப்பட்ட பகுதி பெரும்பாலான படகுகளுக்குக் காற்றின் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை. நல்ல பந்தயப் படகுகள் இன்னும் நெருங்கும். குறுக்குப் பாய் கட்டிய பழைய பெருங்கப்பல்களால் 65 பாகைக்கு உள்ளே வருவதே கடினம்.

உமா:
நம் பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கிலும், பிறகு பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மார்சேயிலும் ஓட்டியதைப் பார்த்தேன். காற்றுக்கு நேர் எதிரே ஒரு மிதவை வைத்திருந்தார்கள். சிலர் அடிக்கடி திரும்பினார்கள், சிலர் நீண்ட தூரம் போய்த் திரும்பினார்கள். அடிக்கடி திரும்பினால் தூரம் கூடிவிடாதா? அதோடு, 45 பாகை விலகிப் போவதைவிட 35 விலகிப் போனால் சீக்கிரம் போகலாமே?

மீனாட்சி:
தூரம் கூடாது உமா. காற்று மாறாமல் இருந்தால் ஒரு முறை திரும்பினாலும் பத்து முறை திரும்பினாலும் மொத்தத் தூரம் ஒன்றுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைவதுதான் இழப்பு.

35 பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. மிதவை 1 கடல் மைல் தொலைவில் இருக்கட்டும். 45 பாகையில் 1.41 மைல் ஓட வேண்டும். படகு 5 நாட் வேகம், அதாவது மணிக்கு 5 கடல் மைல், போனால் 17 நிமிடம். 35 பாகையில் தூரம் 1.22 மைலாகக் குறையும். ஆனால் பாயின் இழுவை குன்றி வேகம் 3.8 நாட் ஆகிவிட்டால் 19 நிமிடம். மறுபக்கம் 55 பாகைக்கு விட்டால் வேகம் 5.6 நாட் வரை ஏறலாம், தூரம் 1.74 மைல் ஆவதால் அதற்கும் ஏறத்தாழ 19 நிமிடம்தான். வேகங்கள் நான் எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். காற்றும் அலையும் மாறினால் மாறும். நடுவில் ஓர் உகந்த கோணம் இருப்பது மாறாது.

படகில் அந்தக் கோணத்தைக் காட்டுவது பாயில் ஒட்டிய கம்பளி நூல்கள். காற்றுப் பக்க நூல் துள்ளினால் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். மறுபக்க நூல் துள்ளினால் வீணாக விலகியிருக்கிறோம், அல்லது பாயை அதிகம் இழுத்துவிட்டோம். இன்னொன்று: கரையில் நிற்பவருக்கு 45 பாகையில் அடிக்கும் 12 நாட் காற்று, 5 நாட் வேகத்தில் போகிற படகில் இருப்பவர் முகத்தில் 32 பாகையிலிருந்து அடிக்கும். பாய்க்குத் தெரிவது அந்தக் காற்றுதான்.

சேவியர்:
பாக் நீரிணைப் பக்கத்து மீனவக் குடும்பம் எங்களுடையது. பாய் கட்டிய வத்தையில் அப்பா போவார். குறுக்கே ஒரு நீளப் பலகை இருக்கும், படகு சாயாமல் இருக்க ஆட்கள் காற்றுப் பக்கம் நீட்டிய அந்தப் பலகையில் ஏறி உட்காருவார்கள். படகு திரும்பினால் பலகையை மறுபக்கம் நீட்ட வேண்டும், பாயையும் மாற்ற வேண்டும். வீட்டில் ‘பாயை மாத்துறது’ என்றுதான் சொல்வார்கள். கையேட்டில் அதையே எழுதினால் என்ன, அருள் தம்பி?

மீனாட்சி:
சேவியர் அண்ணன் சொன்னதில்தான் முடிச்சு இருக்கிறது. அருள், நீங்கள் இரண்டு காரியங்களை ஒரே சொல்லில் போடுகிறீர்கள். மாறி மாறிச் சாய்வாகப் போய்க் காற்றை எதிர்த்து ஏறும் முழுப் பயணம் ஒன்று. முகப்பு காற்றைக் கடந்து மறுபக்கம் போகும் அந்தச் சில நொடித் திருப்பம் இன்னொன்று. முகப்புக்குப் பதிலாகப் பின்புறம் காற்றைக் கடக்கும்படியும் திரும்பலாம். சரிந்த நீள்கழியில் முக்கோணப் பாய் கட்டிய அரபுக் கலங்களில் கழியைப் பாய்மரத்தைச் சுற்றி மாற்ற வேண்டும் என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் திரும்புவார்கள். ஏறிய தூரத்தில் கொஞ்சம் போய்விடும், ஆனால் பாய் பாதுகாப்பாக மாறும். இரண்டிலும் பாய் பக்கம் மாறுகிறது. ‘பாய்மாற்று’ என்றால் எந்தத் திருப்பம் என்று பிள்ளைக்குத் தெரியாது. பின்புறத் திருப்பத்தில் பாயின் அடிக்கழி தலையில் அடிக்கும் வேகத்தில் வரும், அதனால் பெயர் தனியாகவே வேண்டும்.

கதிரவன்:
அப்படியானால் பயணத்துக்கு ‘மடக்கோட்டம்’. படகின் முன்பகுதியை மீனவர் ‘அணியம்’ என்பதால் முதல் திருப்பத்துக்கு ‘அணியத் திருப்பம்’, இரண்டாவதற்குப் ‘பின்திருப்பம்’. வளிதொழில் பற்றி மீனாட்சி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எதிர்க்காற்றில் ஓட்டவே இல்லை என்றும் அந்த வரி சொல்லவில்லை.

சேவியர்:
அணியம் சரி. ஆனால் ‘அணியத் திருப்பம்’ என்று படகில் கத்த முடியாது. கட்டளைக்கு ஒரே அசை போதும்.

அருள்:
மடக்கோட்டம், அணியத் திருப்பம், பின்திருப்பம் மூன்றையும் வரைவில் சேர்த்துவிட்டேன். கட்டளைச் சொல்லுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சேவியர் அண்ணா, பாய் மாற்றுவதற்கு முன் சுக்கான் பிடித்தவர் மற்றவர்களை என்ன சொல்லி எச்சரிப்பார் என்று அப்பாவிடம் கேட்டு எழுத முடியுமா?