50 எம்எம் லென்ஸ்ல அப்பர்ச்சர் பிளேடு ஒட்டுது, சர்வீஸ் பண்ணலாமா?

ஃப்ரெண்ட்ஸ், பழைய 50 எம்எம் 1.8 மேனுவல் லென்ஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல 3000க்கு வாங்கினேன், 1.8, 2.8ல படம் சூப்பரா வருது ஆனா எஃப் 11, 16 வெச்சா ரெண்டு ஸ்டாப் ஓவரா வெளுத்துப் போகுது. முதல்ல மீட்டர்தான் போச்சுன்னு நெனச்சேன், அதே பாடில வேற லென்ஸ் போட்டா கரெக்டா இருக்கு. இந்த 50 எம்எம்மை கழட்டி பின்னாடி இருக்கற லீவரை தட்டிப் பாத்தா பிளேடு படக்குன்னு மூடாம சோம்பேறியா நகருது, மேல எண்ணெய் மினுமினுங்குது, அதான் ஷட்டர் தெறக்கறதுக்குள்ள முழுசா மூட மாட்டேங்குது போல.

ஃபோகஸ் கிரீஸ் இளகி வழியுதாம். பிளேடை மட்டும் தொடச்சா மறுபடி ஊறும், கிரீஸையும் மாத்தணும்னு சொல்லி கடைக்காரர் 2500 கேக்கறார். குடுக்கலாமா, இல்ல 2.8லயே ஓட்டிடவா? யாராச்சும் சொல்லுங்கப்பா.