அப்பா போட்ட ஆட்கொணர்வு மனு, பொண்ணு அவர் கூடப் போகல. அப்ப மனு யாருக்கு?

அந்தியூரான்: பேப்பர்ல ஒரு சேதி படிச்சனுங்க. 21 வயசுப் பொண்ணக் காணோம்னு அப்பா சென்னை ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட்டிருக்காரு. போலீஸ் பொண்ணக் கொண்டாந்து நிறுத்துச்சு. "நானாத்தான் போனேன்"னு பொண்ணு சொன்னதும், இஷ்டப்பட்ட எடத்துக்குப் போலாம்னு மனுவ முடிச்சு வெச்சுட்டாங்க. அப்பா கேட்டது கெடைக்கலியே, இது எந்த உரிமையக் காப்பாத்துதுங்க?

பெருந்துறை மாமா: அது போலீஸ் மேல போடற மனு தம்பி. புடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தோணும். நிறுத்தாட்டி இதப் போடலாம். வீட்டுச் சமாச்சாரத்துக்கு இதப் போட முடியாது.

கோபி வக்கீல்: 24 மணி நேரம் சரிதானுங்க மாமா. ஆனா தனியாள் அடைச்சு வெச்சாலும் இந்த மனு செல்லும். பொண்ணப் பெத்தவங்களே பூட்டி வெச்சிருந்தா, கட்டிக்கப் போற பையனும் போடலாம். உள்ள இருக்கறவங்க கோர்ட்டுக்கு வர முடியாதுங்கறதாலதான் அடுத்தவங்களப் போட விடறாங்க. உரிமை மனு போட்டவருக்கில்லீங்க, அடைபட்டவங்களுக்கு. அரசியல் சாசனத்துல 21வது பிரிவு சொல்ற தனிமனித சுதந்திரம் அது.

விசாரணையும் அப்படித்தான் நடக்கும். ரெண்டு நீதிபதிங்க மொதல்ல வயசுக்குச் சர்டிபிகேட் பாப்பாங்க. அப்பறம் பெத்தவங்க, பையன் எல்லாரையும் வெளிய நிக்கச் சொல்லிட்டுப் பொண்ணுகிட்டத் தனியாப் பேசறதும் உண்டு. மேஜரா இருந்து, யாரும் கட்டாயப்படுத்தலைன்னு சொல்லிட்டா மேல கேக்க ஒண்ணுமில்ல. அப்பனுக்கு மனசு ஆறாதுதான், அதுக்குக் கோர்ட் என்ன பண்ணும்?

சேலத்துல படிச்ச கேரளப் பொண்ணு ஹாதியாவோட வழக்கும் அப்பா போட்ட ஆட்கொணர்வு மனுதானுங்க. கேரள ஹைகோர்ட் அதுல அந்தப் பொண்ணோட கல்யாணத்தையே செல்லாதுன்னுது. 2018ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணிருச்சு.

தாராபுரம் டிரைவர்: எங்க மச்சானுக்கு அடிதடி கேஸ்ல ஜாமீன் கெடச்சும் வெளிய விட மாட்டேங்கறாங்க. குண்டாஸும் போட்டுட்டாங்களாம். இதப் போடலாமுங்களா?

கோபி வக்கீல்: போடலாமுங்க. சாதா ரிமாண்டுக்கு ஜாமீன்தான் வழி. குண்டாஸ்ல ஜாமீனே கெடையாது, ஒரு வருசம் வரைக்கும் வெக்கலாம். கலெக்டரோ கமிஷனரோ போட்ட உத்தரவ இந்த மனுவுலதான் ஒடைக்கோணும். உள்ள இருக்கற மச்சானுக்குக் குடுத்த காகிதம் படிக்கற மாதிரி இருக்குதா, அவருக்குத் தெரிஞ்ச பாசையில இருக்குதா, விடுவிக்கச் சொல்லி எழுதுன மனுவுக்குக் காலந்தாழ்த்தாமப் பதில் வந்துதான்னு பாருங்க. நெறய உத்தரவு அங்கதான் விழுகுது. விழுந்தாலும் அடிதடி கேஸ் அப்படியேதான் இருக்கும்.

கரூர் அக்கா: எங்களுக்கும் சென்னைதானுங்களா?

கோபி வக்கீல்: இல்லீங்கக்கா, கரூர் மதுரைக் கிளைக்குப் போகோணும்.

அந்தியூரான்: பொண்ணுக்கு 17 வயசுன்னா?

கோபி வக்கீல்: அவ சொல்றது மட்டும் போதாதுங்க. பொதுவாப் பெத்தவங்ககிட்ட விடுவாங்க, அங்க போகப் பயந்தா காப்பகம்.

பெருந்துறை மாமா: இன்னும் ஆறே மாசத்துல 18ன்னா காப்பகத்துல அடைக்கறதும் அடைச்சு வெக்கறதுதான வக்கீலம்மா?

கோபி வக்கீல்: அத எங்க பார் ரூம்லயும் ரெண்டு விதமாத்தான் பேசிக்கறாங்க மாமா.