புதுப்பிப்பு: எங்கள் கடையில் இரண்டு நாள் ஷூட்டிங், தயாரிப்பாளரின் கடிதம்

முன்பு கேட்டது: “தக்கலையில் வாடகைக் கட்டிடத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். இரண்டு நாள் படப்பிடிப்புக்குத் தயாரிப்பாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?”

திருத்திய கடிதம் வந்துவிட்டது. லொகேஷன் மேனேஜராக இருந்த அண்ணன் சொன்னதுதான் பெரிய உதவி. முதல் கடிதத்தில் ‘இரண்டு நாள்’ என்று மட்டுமே இருந்தது. கலைத்துறை ஆட்கள் முந்தின சாயங்காலமே அலமாரியைக் காலி செய்வார்கள், முடிந்த மறுநாள்தான் திரும்ப அடுக்குவார்கள், உங்களுக்கு நாலு நாள் வியாபாரம் போகும் என்றார். இப்போது காலை 6 முதல் இரவு 8 வரை, அதற்குமேல் மணிக்கு 1,500 ரூபாய், முன்பின் நாட்களுக்குப் பாதி வாடகை என்று எழுதியிருக்கிறார்கள். விளக்குகளுக்கு ஜெனரேட்டர் அவர்களுடையது; நம் மீட்டரைத் தொடக்கூடாது.

சேதத்துக்கு 20,000 முன்பணம். வேலை தொடங்குமுன் இருதரப்பும் நின்று போட்டோ எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நசுங்கிய குத்துவிளக்கு முன்பே அப்படித்தான் இருந்தது என்பார்கள்.

பத்திரப்பதிவு கட்டாயம் என்றார் ஒருவர். எழுதி வாங்கச் சொன்னது சரி. ஆனால் இரண்டு நாள் அனுமதிக்குப் பதிவு தேவையில்லை.

கட்டிட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இன்னும் வரவில்லை. வந்தபிறகே கையெழுத்து. கடைப் பெயர்ப்பலகை படத்தில் தெரியலாமா என்பதிலும் அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.