Post via email: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். வேர்ட்பிரஸ் தளம் ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். வயலில் இருக்கும் பணியாளர்கள் ஒரு தனி முகவரிக்குப் படத்தை அஞ்சல் செய்தால், அது நேரே வெளியீட்டு வரிசைக்குப் போகும். வசதிக்கு 'அஞ்சல்வழி இடுகை' என்று வைத்துவிட்டேன். அந்த முகவரிக்கு 'பதிவு முகவரி' சரியா?

> அந்த முகவரிக்கு 'பதிவு முகவரி' சரியா?

வேண்டாமே. பதிவு முகவரி என்றால் நிறுவனம் பதிவாகியுள்ள அலுவலகத்தைத்தான் நினைப்பார்கள். 'ரகசிய முகவரி' என்றே போடுங்கள். வெளியே தெரியாதவரை வேறு யாரும் அனுப்ப முடியாது, பாதுகாப்பும் அதிலேயே வந்துவிடுகிறது.

---

பாதி சரி. முகவரியை யூகிக்க முடியாதபடி வைக்க வேண்டியதுதான். ஆனால் அது ஊழியர்கள் எல்லார் போனிலும் இருக்கும், கசியத்தான் செய்யும். வேர்ட்பிரஸ் அடுத்துப் பார்ப்பது அனுப்புநர் முகவரியை. அது தளத்தின் பயனர் எவருடையதோடும் பொருந்தாவிட்டால் இடுகை ஒப்புதலுக்குக் காத்திருக்கும். பொருந்தினால், அவருக்கு வெளியிடும் உரிமை உண்டா என்று பார்க்கும். இருந்தால் யாரும் பார்க்காமலே வெளியாகிவிடும். அனுப்புநர் முகவரியைப் போலியாக இடுவது பெரிய வித்தை இல்லை. ஆசிரியர் பெயரில் ஒருவன் அனுப்பினால் முடிந்தது கதை. அதனால் அஞ்சல் அனுப்பும் கணக்குகள் எல்லாமே வெளியிடும் உரிமை இல்லாத பங்களிப்பாளர் நிலையில் இருக்கட்டும், ஆசிரியருடையதும் சேர்த்து. ஆக, 'ரகசியம்' என்ற சொல் இல்லாத நம்பிக்கையைத் தரும். என் பரிந்துரை 'இடுமுகவரி'.

இன்னொன்று: வேர்ட்பிரஸில் உள்ளபடியே இருக்கும் வசதி எழுத்தை மட்டுமே எடுக்கும். படம் வர போஸ்டி மாதிரி ஒரு செருகுநிரல் தேவை. கையேட்டில் அதைச் சொல்லிவிடுங்கள்.

---

அண்ணா, படம் வராத சிக்கல் எங்களுக்கும் இருந்தது. செருகுநிரல் போட்டிருந்தோம். மக்காச்சோளத்தில் படைப்புழு தின்ற குருத்தை ஒருவர் ஏழெட்டுப் படம் எடுத்து ஒரே அஞ்சலில் அனுப்பினார். வரிசையில் வந்தது 'படைப்புழு, வேப்பந்தட்டை' என்ற தலைப்பும் டிரைவ் இணைப்பு ஒன்றும்தான். மொத்த அளவு 25 எம்பி தாண்டினால் ஜிமெயில் படத்தை அஞ்சலோடு சேர்க்காமல் டிரைவ் இணைப்பாக மாற்றிவிடுகிறது. இப்போது அஞ்சலுக்கு இரண்டு படம், அளவு குறைத்து. அவர் பதவி, கைபேசி எண் எல்லாம் அஞ்சலின் அடியில் இருந்து அப்படியே இடுகைக்குள் வந்தது தனிக்கதை. இதற்கெல்லாம் வாட்ஸ்அப் குழு போதாதா?

---

வாட்ஸ்அப்பில் வந்ததை மறுபடி யாராவது தளத்தில் ஏற்ற வேண்டுமே! அதைத் தவிர்க்கத்தான் இது.

'இடுமுகவரி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வயலில் இருப்பவர் 'இட்டாயிற்று' என்றால் வெளியாகிவிட்டது என்றே நினைப்பார், அது வரிசையில் கிடக்கும். 'வரவு முகவரி' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

---

வரவு என்றதும் எனக்குச் செலவும் ஞாபகம் வருகிறது. இருந்தாலும் வரிசை பற்றிச் சொன்னது சரிதான். கையேட்டில் இப்போதைக்கு 'இடுமுகவரி' என்று வைத்து, அனுப்பியது ஆசிரியர் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் என்று கீழேயே ஒரு வரி சேர்க்கிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.