"மீண்டும் மறுபடியும்", "இலவசப் பரிசு": எதை வெட்டுவது, எதை விடுவது?

தாழம்பூ:
எங்கள் குடியிருப்போர் சங்க மடலைத் திருத்துவது என் வேலை. செயலாளர் அனுப்பியது இது: "கடந்த 12-ஆம் தேதி நடந்து முடிந்த கூட்டத்தில் சுமார் 60 பேர் வரை கலந்துகொண்டு பங்கேற்றனர். சங்கத்தின் கடந்தகால வரலாறு மீண்டும் மறுபடியும் நினைவுகூரப்பட்டது. வந்தவர்கள் அனைவருக்கும் இலவசப் பரிசு வழங்கப்பட்டது." கை வைத்தால் "என் நடையைக் கெடுக்கிறீர்கள்" என்கிறார். எதுவரை வெட்டலாம்?

கத்தரிக்கோல்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் "மிகைபடக் கூறல்", "கூறியது கூறல்" இரண்டும் உண்டு. உங்கள் செயலாளர் மூன்று வரியில் இரண்டையும் செய்துவிட்டார். இப்படிப் போடுங்கள்: "12-ஆம் தேதி கூட்டத்தில் 60 பேர் கலந்துகொண்டனர். சங்க வரலாறு நினைவுகூரப்பட்டது. வந்தவர்களுக்குப் பரிசு வழங்கப்பட்டது." முடிந்தது.

மெய்ப்புக்காரன்:
அதே நன்னூல்தான் "ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழாஅ" என்றும் சொல்கிறது. "மீமிசை ஞாயிறு" என்பதில் மீ, மிசை இரண்டுக்கும் மேல் என்றே பொருள், அதை யாரும் பிழை என்று சொல்வதில்லை. ஆக, ஒரே பொருளில் இரண்டு சொல் வந்தாலே குற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகச் செயலாளரின் வரியைக் காப்பாற்றவும் நான் வரவில்லை.

கத்தரிக்கோல், நீங்கள் "சுமாரையும்" சேர்த்து வெட்டிவிட்டீர்களே, எண்ணிப் பார்த்தவர் மாதிரி 60 ஆகிவிட்டது. அங்கே உண்மையான சிக்கல் வேறு. சுமார் 60 என்றால் கொஞ்சம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். 60 பேர் வரை என்றால் அதற்கு மேல் இல்லை. இரண்டும் ஒரே வரியில் வந்தால் எதை நம்புவது? செயலாளரைக் கேட்டுவிட்டு ஒன்றை வையுங்கள்.

"மீண்டும் மறுபடியும்" என்பதில் ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றும் வேண்டுமா என்பது, வரலாற்றை இதற்கு முன்னும் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார்களா என்பதைப் பொறுத்தது. "அனைவருக்கும்" அப்படியே இருக்கட்டும், ஒருவருக்கும் விடுபடவில்லை என்று அது சொல்கிறது. "கடந்த" என்பதற்குப் பதில் மாதத்தின் பெயரை எழுதினால் மடல் தாமதமாக வந்தாலும் குழப்பம் இல்லை. அப்புறம் அந்த இலவசப் பரிசு. "இரண்டு வாங்கினால் ஒன்று" என்று கடையில் எழுதும்போது இலவசம் என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது, சங்கக் கூட்டத்தில் யார் காசு கேட்டார்கள்? எவர்சில்வர் டம்ளர் கொடுத்திருந்தால் டம்ளர் என்றே எழுதலாம்.

வார்டு அக்கா:
நான் செவிலியர். கேஸ் ஷீட்டில் "பாஸ்ட் ஹிஸ்டரி" என்று தனித் தலைப்பே உண்டு, அதை வெட்டிவிட்டால் எங்கள் கதி என்ன? இப்போது எதற்காக வந்தார் என்பது ஒரு ஹிஸ்டரி, முன்பு சர்க்கரை, காசநோய், ஆபரேஷன் ஏதாவது இருந்ததா என்பது இன்னொரு ஹிஸ்டரி. டாக்டர் "ரிப்பீட் அகெய்ன்" என்றால் ஏற்கெனவே ஒருமுறை ரிப்பீட் செய்த ரத்தப் பரிசோதனையை மூன்றாவது தடவை எடுக்கச் சொல்கிறார் என்றுதான் நாங்கள் புரிந்துகொள்வோம்.

கத்தரிக்கோல்:
சரி அக்கா, அது உங்கள் தொழில் வழக்கு, ஒப்புக்கொள்கிறேன். சங்க மடலில் எதிர்கால வரலாறு என்று ஒன்று இல்லையே! "சுமார்" விஷயத்தில் என் அவசரம்தான். ஆனாலும் "நடந்து முடிந்த", "கலந்துகொண்டு பங்கேற்றனர்" இரண்டையும் விட மாட்டேன். இப்படியே விட்டுத்தான் "நடு சென்டர்", "ஏ.டி.எம். மெஷின்" வரைக்கும் வந்திருக்கிறோம்.

மெய்ப்புக்காரன்:
அந்த இரண்டு சொற்றொடரையும் நானும் வெட்டுவேன். ஆனால் பேச்சில் வருவதை என்ன செய்ய முடியும்? அரைஞாண் கயிற்றில் ஞாண் என்றாலே கயிறுதான், அது மறந்துபோனதால் கயிறு வந்து ஒட்டிக்கொண்டது. ஏ.டி.எம்.முக்கும் அதே கதை.

பத்திரம் எழுதுபவர்:
கிரயப் பத்திரத்தில் "தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்று எழுதுகிறோம். இதையும் வெட்டச் சொல்வீர்களா? ஒரு சொல் குறைந்தாலும் கட்சிக்காரர் முகம் மாறிவிடும்.

கத்தரிக்கோல்:
முழுவதும் வெட்டலாம் ஐயா. "விற்றேன்" போதும்.

மெய்ப்புக்காரன்:
தானம் வேறு, விக்கிரயம் வேறு. வாங்கியவர் இனாமாகவும் கொடுக்கலாம், விற்கவும் விற்கலாம் என்பதைத் தனித்தனியாகச் சொல்லும் சொற்கள் அவை. "ஆண்டு அனுபவித்து" பற்றி வேண்டுமானால் வாதாடலாம், அதிலும் வக்கீலைக் கேட்காமல் நான் கை வைக்க மாட்டேன்.

தாழம்பூ:
செயலாளரிடம் கேட்டேன். கையெழுத்துப் புத்தகத்தில் 43 பேர்தான். இப்போது "சுமார் 50" என்று போடச் சொல்கிறார். பரிசு டம்ளர் இல்லை, துணிப்பை. "கடந்தகால" போக ஒப்புக்கொண்டார், "மீண்டும் மறுபடியும்" மட்டும் அழுத்தத்துக்காக இருக்கட்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்.