கறுப்பு ரீசேட்டில் மட்டும் டிசைனைச் சுற்றி வெள்ளைக் கோடு வருது: உதவி தேவை

வணக்கம். நான் திருகோணமலையில இருந்து ஓடர் வந்த பிறகு அடிச்சு அனுப்பும் ரீசேட், மக் வியாபாரம் செய்யிறன். பிரிண்ட் செய்து தாறது கொழும்பில ஒரு சப்ளையர், டிடிஎஃப் முறை.

டிசைன் கடற்கரையில நிக்கிற புள்ளிமான். பின்னால அந்தி வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி முடியும். அந்த மங்கல் முடியிற இடத்தில வெள்ளைப் புள்ளிகள், மானின் கொம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. நகத்தால சுரண்டினால் அந்தப் புள்ளிகள் தூளா உதிருது. வெள்ளை ரீசேட்டில கோடு தெரியேல்ல. மக்கில பிரச்சினையே இல்லை. அது சப்ளிமேஷன், வெள்ளை மை கிடையாது. அதனால வர்ணத்துக்கு அடியில போடுற வெள்ளை மையிலதான் சந்தேகம்.

கோப்பு 300 டிபிஐ, பின்னணி இல்லாத PNG. அளவைக் கூட்டி அனுப்பினன், மாற்றமில்லை. வேற துணியிலயும் அடிப்பிச்சன், அதேதான். ஓரம் கூர்மையான எழுத்து டிசைன் மட்டும் சுத்தமா வந்தது. சப்ளையர் "கோப்புப் பிழை" எண்டு மட்டும் சொல்றார்.

விற்கிறது 2400 ரூபா. பிரிண்டோட ரீசேட் 1650, கூரியர் 400, மிச்சம் 350. ஒண்டு திரும்பி வந்து மறுபடி அடிச்சு அனுப்பினால் 2050 போகும். கிட்டத்தட்ட ஆறு ரீசேட்டின் லாபம்.

டிடிஎஃப் செய்யிறவை சொல்லுங்கோ: மங்கலை நான் கோப்பிலேயே ஹாஃப்டோன் புள்ளிகளா மாற்றிக் குடுக்கவேணுமா, இல்லாட்டி வெள்ளை அடுக்கை ஓரத்தில கொஞ்சம் உள்ளுக்கு ஒடுக்கச் சொல்லி சப்ளையரிட்டக் கேக்கவேணுமா?